காலையில் பொங்கல், மாலையில் திரை

திருச்சிப் புறநகரில் உள்ள ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர், பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

“தம்பி, போன வருஷம் எடுத்த வீடியோ எங்க கைக்கு வர்றதுக்குள்ள மாசி மாசம் ஆயிடுச்சு. யாரும் உக்காந்து பாக்கலை. இந்தத் தடவை காலையில நடக்குறதை அன்னைக்கு ராத்திரியே திரையில போட்டுக் காட்டணும். பரிசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூணு நிமிஷம். முடியுமா?”

“முடியும் சார். ஆனா பாதி வேலையை முந்தின நாளே முடிச்சிடணும்.”

“விழாவே நடக்காம வீடியோ வேலையை எப்படிப்பா முடிப்ப?”

அவருடைய அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. அன்றைய நிகழ்ச்சியை அன்றே தொகுத்துக் காட்டும் சிறு படத்தை எங்கள் தொழிலில் ‘சேம் டே எடிட்’ என்கிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கல்யாணங்களில் இது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பகலில் தேவாலயத்தில் நடந்ததை, இரவு விருந்தில் திரையில் காட்டுவார்கள். நம் ஊர்க் கல்யாண வரவேற்புகளிலும் இப்போது பார்க்கிறோம். ஆனால் ஆசை பழையது. 1895 ஜூன் மாதம் பிரான்சின் லியோன் நகரில் புகைப்படச் சங்கங்களின் மாநாடு நடந்தது. படகில் வந்து இறங்கிய பிரதிநிதிகளை லூயி லூமியேர் தன் கருவியால் படம் பிடித்தார். மறுநாளே அதை அவர்களுக்குத் திரையிட்டார். பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டிய புகழ்பெற்ற டிசம்பர் 28ஆம் தேதிக்கு ஆறு மாதம் முந்தைய சம்பவம் இது. சினிமா பிறந்த வருடத்திலேயே, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களையே காட்டும் வேலை தொடங்கிவிட்டது.

லூமியேருக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது. எங்களுக்கு இருந்தது, உறியடி முடிந்த பிறகு இரண்டே மணி நேரம்.

முந்தின நாள் வேலை

வேகமாக எடிட் செய்பவரின் விரல்கள் வேகமானவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது கையல்ல; முடிவெடுப்பது. எந்த இசை, எத்தனை நொடி, எந்த எழுத்து, பெயர் எந்த மூலையில் வர வேண்டும், முடிவில் யாருக்கு நன்றி சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்தால் ஒரு மாலைப்பொழுது போதாது. இவற்றில் எதற்கும் விழா நடந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனவே இவற்றை முன்கூட்டியே முடித்து, படங்களுக்கு மட்டும் காலி இடம் விட்டுவைத்த கோப்பைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். ஆள் வருவதற்கு முன்பே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்துவிடுவது போன்றது.

டெம்ப்ளேட்டின் முதுகெலும்பு இசை. நாங்கள் நிமிடத்துக்கு 100 தட்டு வேகமுள்ள ஒரு வாத்திய இசையை எடுத்தோம். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.6 நொடி. நாங்கள் படம் பிடிப்பது நொடிக்கு 25 ஃபிரேம். ஆகவே ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். நான்கு தட்டு கொண்ட ஒரு தாளக்கட்டத்துக்கு 60 ஃபிரேம், அதாவது 2.4 நொடி. மிச்சமோ பின்னமோ இல்லை. எந்த ஷாட்டை எங்கே வெட்டினாலும் அது தாளத்தில் வந்து உட்காரும். வேகம் வேறாக இருந்தால் வெட்டுகள் ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் தள்ளி விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் காதால் கேட்டுத் திருத்த வேண்டிவரும்.

மூன்று நிமிடம் என்பது 180 நொடி. அதை 2.4ஆல் வகுத்தால் 75 கட்டங்கள். செயலாளர் கொடுத்த நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு அந்த 75ஐப் பங்கு பிரித்தோம். தெரு விழிப்பதும் தலைப்பும் 8 கட்டம். கோலப்போட்டி 14. பொங்கல் வைப்பது 13. விளையாட்டுகள் 20. உறியடி 8. சிரிக்கும் முகங்கள் 9. நன்றியோடு முடிவு 3. டைம்லைனில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நிறத்தில் குறி போட்டு, பெயர் எழுதிவைத்தோம். இதற்குப் பிறகு, ‘மூன்று நிமிடப் படம் செய்ய வேண்டும்’ என்ற மலைப்பு போய்விடுகிறது. ‘கோலத்துக்குப் பதினான்கு ஷாட் வேண்டும்’ என்ற சின்ன வேலைதான் எதிரே நிற்கும்.

இசையில் ஓர் இடத்தை மட்டும் வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். பொங்கல் பங்கில் 5 கட்டம், 12 நொடி. அங்கே இசை அடங்கிவிடும். பானை பொங்கும்போது பெண்கள் போடும் குலவையும், குழந்தைகளின் “பொங்கலோ பொங்கல்” கூச்சலும் மட்டுமே கேட்க வேண்டும். டெம்ப்ளேட் வைத்துச் செய்யும் படங்களின் பெரிய குறை, எல்லா ஊரும் ஒன்றுபோலத் தெரிவது. தலைப்பும் இசையும் எழுத்தும் ஒன்றாக இருப்பதால் மட்டும் அப்படித் தெரிவதில்லை. அந்த ஊரின் சத்தம் படத்தில் இல்லாததால்தான் அப்படித் தெரிகிறது. எங்கள் அனுபவத்தில் அந்தப் பன்னிரண்டு நொடிதான் படத்தை அந்தத் தெருவின் படமாக மாற்றுகிறது.

சினிமாப் பாட்டைப் போடலாமே என்று சங்கத்து இளைஞர்கள் கேட்டார்கள். மேடையில் காட்டுவதோடு நில்லாமல் அவர்கள் யூடியூபிலும் ஏற்ற விரும்பினார்கள். அங்கே பதிவேற்றும் படத்தின் ஒலியை, உரிமையாளர்கள் பதிந்துவைத்த பாடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் Content ID என்ற ஏற்பாடு இருக்கிறது. பாட்டு சிக்கினால் உரிமையாளர் விருப்பப்படி படம் முடக்கப்படலாம். விழா இரவில் அந்தச் சண்டைக்கு நேரம் கிடையாது. ஆகவே பயன்படுத்த அனுமதியுள்ள வாத்திய இசையையே முன்னதாகத் தேர்ந்துகொண்டோம்.

எழுத்து உடையும் இடம்

தமிழில் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. எடிட்டிங் மென்பொருள்கள் பல ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ‘பொங்கல்’ என்று தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் ‘ப’ ஓரிடத்திலும் கால் வேறிடத்திலுமாக எழுத்து பிய்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றால் போதும். தமிழில் ஒகரத்தின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில்தான் எழுத்து உடைகிறது. பிரீமியர் புரோ போன்ற மென்பொருள்களின் அமைப்புகளில் எழுத்தைக் கோக்கும் முறைக்கு South Asian and Middle Eastern என்றொரு தெரிவு இருக்கிறது. அதை மாற்றியதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் சரியாகாவிட்டால், எழுத்து சரியாக வரும் வேறொரு மென்பொருளில் பெயர்களைத் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களாகச் சேமித்துக்கொள்வோம். எந்த வழியானாலும் முந்தின நாளே ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டிச் சோதித்துவிட வேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் மற்றவையும் ஏறக்குறைய வந்துவிடும்.

பெயர்ப் பட்டியலையும் முன்பே எழுத்தில் வாங்கிவிட்டோம். தலைவர், செயலாளர், கோலப்போட்டி நடுவர்கள், பானை கொடுத்தவர், பந்தல் போட்டவர் என 11 பெயர்கள். இனிஷியல் எங்கே, ‘திரு’வா ‘முனைவர்’ஆ, ‘ஷண்முகம்’மா ‘சண்முகம்’மா என்று ஒவ்வொன்றையும் செயலாளரே பார்த்து, தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மாலை ஆறரைக்கு எழுத்துப்பிழை பற்றி விவாதம் வந்தால் படம் நின்றுவிடும்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் படம் செய்தபோது, முந்தைய வாரம் வேறொரு பள்ளிக்குச் செய்த கோப்பையே நகலெடுத்து, படங்களை மட்டும் மாற்றினேன். தலைமையாசிரியை பேசும் காட்சியின் கீழே, நான்கு நொடிக்கு, முந்தைய பள்ளித் தலைமையாசிரியரின் பெயர் ஓடியது. அரங்கம் முழுக்கப் பார்த்தது. பழைய விழாவின் கோப்பு டெம்ப்ளேட் ஆகாது. டெம்ப்ளேட்டில் எந்த விழாவின் பெயரும், வருடமும், முகமும் இருக்கக் கூடாது. பெயர் வர வேண்டிய இடத்தில் ‘பெயர் இங்கே’ என்று கண்ணைக் குத்தும் ஊதா நிறத்தில் எழுதிவைக்கிறேன் இப்போது. மாற்ற மறந்தால், ஓடவிட்டுப் பார்க்கும்போதே அது கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அழகாகப் பொருந்தி நிற்கும் பழைய பெயர் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

பகல்: கார்டு நடந்து வரும் பாதை

விழா அன்று காலை ஆறு மணிக்கு இரண்டு கேமராக்காரர்கள் தெருவில் இருந்தார்கள். நான் சங்க அலுவலக அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். மூன்றாவதாக ஒரு கல்லூரி மாணவர். அவருக்கு ஒரே வேலைதான்: மெமரி கார்டுகளைக் கேமராவிலிருந்து என்னிடம் கொண்டுவருவது. பார்ப்பவர்களுக்கு இது வீண் சம்பளமாகத் தெரியும். ஆனால் அவர் இல்லாவிட்டால், நாள் முழுவதும் எடுத்தது மாலை ஐந்தரைக்கு மொத்தமாக என் மேஜையில் வந்து விழும்.

இரண்டு கேமராவிலும் சேர்த்து ஒன்றரை மணி நேரக் காட்சிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம். எங்கள் கேமராக்கள் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிபவை. அதன்படி ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி, ஒன்றரை மணிக்கு ஏறக்குறைய 34 ஜிபி. நல்ல கார்டும் யுஎஸ்பி 3 ரீடரும் நொடிக்கு 90 மெகாபைட் நகலெடுத்தால், இதற்கு ஆறரை நிமிடம் போதும். அதே கார்டைப் பழைய யுஎஸ்பி 2 ரீடரில் செருகினால் இருபது நிமிடம் வரை போகும். முந்நூறு ரூபாய்ப் பொருள் ஒன்று மாலையில் கால் மணி நேரத்தை விழுங்கிவிடும்.

கார்டுகள் மூன்று தவணையாக வந்தன: ஒன்பதரைக்கு, ஒரு மணிக்கு, ஐந்தரைக்கு. எடுத்து முடித்த கார்டு சிவப்புப் பையில், காலி கார்டு பச்சைப் பையில். வந்த கார்டை லேப்டாப்பிலும் வெளி டிஸ்க்கிலுமாக இரண்டு இடங்களில் நகலெடுத்து, கோப்புகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றா என்று பார்த்து, முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஓட்டிப் பார்த்தோம். இரவு வரை எந்தக் கார்டையும் அழிக்கவில்லை. அவசரத்தில் சிலர் நகலெடுக்காமல் கார்டிலிருந்தே நேரடியாக எடிட் செய்யத் தொடங்குவார்கள். கார்டை உருவியதும் டைம்லைனில் அந்தக் காட்சிகள் இருந்த இடமெல்லாம் சிவப்பாகி, Media Offline என்ற எழுத்து நிற்கும். கேமராக்காரர் அந்தக் கார்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தால் அந்தச் சிவப்பு போகவே போகாது.

கேமராக்காரர்களுக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. இருவருமே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பந்தலின் டியூப்லைட்டும் சீரியல் விளக்கும் படத்தில் துடிக்கும். பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டிங்கில் சரிசெய்ய அன்று மாலை நேரம் கிடையாது. ஒவ்வொரு ஷாட்டையும் கையை அசைக்காமல் பத்து நொடி பிடிக்க வேண்டும். எனக்கு அதில் இரண்டரை நொடிதான் வேண்டும். ஆனால் எந்த இரண்டரை நொடி என்று தேர்ந்தெடுக்க, முன்னும் பின்னும் இடம் வேண்டும்.

இன்னொரு சின்ன ஏற்பாடு இந்த வேலையில் பெரிய உதவி. மிக நன்றாக ஒரு ஷாட் அமைந்துவிட்டால், உடனே லென்ஸைக் கையால் மூடி ஒரு நொடி பதிவுசெய்வார்கள். என் திரையில் சிறு படங்களாகக் காட்சிகள் விரியும்போது ஆங்காங்கே ஒரு கறுப்புக் கட்டம் தெரியும். கறுப்புக்கு முந்தைய கிளிப்பை முதலில் பார் என்று பொருள். நானூறு கிளிப்களுக்கு நடுவே இது வழிகாட்டிக் கல்.

தேர்வை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் செய்தேன். ஒரு கிளிப்புக்கு இரண்டே தீர்ப்பு: உண்டு, இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்று மூன்றாவது குவியல் வைத்தால், அந்தக் குவியலே மாலையில் பெரிதாகி நிற்கும். காலைத் தவணையில் ‘உண்டு’ என்று வந்தவற்றைப் பத்தரைக்கே கோலத்தின் 14 கட்டங்களில் அடுக்கிவிட்டேன். பொங்கல் பங்கில் முதலில் சத்தத்தை வைத்தேன். நுரை விளிம்பைத் தொட்டு வழியும் நொடியையும் குலவை தொடங்கும் நொடியையும் ஒன்றாகக் கட்டி, மற்ற ஷாட்களை அதன் இருபுறமும் கோத்தேன். மூன்று மணிக்கு விளையாட்டுகளின் 20 கட்டமும் நிரம்பியது. இப்படி, ஐந்து மணிக்கு 75இல் 60 கட்டங்கள் முடிந்திருந்தன. மிச்சம் உறியடிக்கான 8, முகங்களில் 4, முடிவுக்கான 3 மட்டுமே.

யார் விடுபட்டார்?

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திர வேலை. ஐந்து மணிக்குச் செய்த வேலைதான் மனிதர்களைப் பற்றியது. விழாப் படத்தைப் பார்ப்பவர்கள் கேமரா அசைவையோ நிறத்தையோ பார்ப்பதில்லை. தங்களைத் தேடுகிறார்கள், தங்கள் பிள்ளையைத் தேடுகிறார்கள். 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் மிட்செல், கென்யன் என்ற இருவர், ஆலை விட்டு வரும் தொழிலாளர்களைப் படம் பிடித்துக் கொடுப்பார்கள். ஊர் ஊராகப் படம் காட்டுபவர்கள் அதை அந்த ஊரிலேயே திரையிடுவார்கள். சாயங்காலம் தன் முகத்தைப் பார்க்கத்தான் தொழிலாளி காசு கொடுத்தான். அந்தப் படச்சுருள்கள் 1994இல் ஒரு கட்டடத்தின் நிலவறையில் கிடைத்தன. எண்ணூறுக்கும் மேல்.

அதனால் என் மேஜையில் ஒரு முகப் பட்டியல் இருக்கும். தெருவாரியாக, குழுவாரியாக. கோலம் போட்டவர்கள், பானை வைத்தவர்கள், கயிறு இழுத்த இரண்டு அணி, முதியவர்கள், சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், மேளக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள். 60 கட்டம் முடிந்ததும் படத்தை ஓட்டிப் பார்த்துப் பட்டியலில் ‘டிக்’ போட்டேன். மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. காலை முதல் தெருவைப் பெருக்கி, கோலத்துக்கு இடம் கழுவிக்கொடுத்த இரண்டு அம்மாக்களும் இல்லை. செயலாளர் அலைந்துகொண்டே இருந்ததால் அவர் முகம் மட்டும் ஆறு இடங்களில்.

கேமராக்காரருக்குப் போன் செய்து, “அண்ணே, மூணாவது குறுக்குத் தெரு ஆளுங்க உறியடி பாக்க நிப்பாங்க. ஒரு நாலு ஷாட் வேணும். பெருக்குற அம்மாங்களையும் கேட்டுட்டு எடுத்துடுங்க” என்றேன். செயலாளரின் முகத்தை இரண்டாகக் குறைத்தேன். முகங்கள் பங்கில் நான்கு கட்டத்தைக் கடைசிவரை காலியாக வைத்ததே இப்படியொரு விடுபடலுக்காகத்தான். மாலை ஏழு மணிக்கு இந்தக் குறை தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து மணிக்குத் தெரிந்தால் ஒரு போன் போதும்.

எடுக்க வேண்டியவை போலவே நீக்க வேண்டியவையும் உண்டு. கயிறு இழுக்கும்போது சேலை விலகியது, தோற்ற குழந்தை அழுதது, ஒருவர் வாய் நிறையச் சோற்றோடு திரும்பியது. வேகமாக ஓடும் படத்தில் இரண்டரை நொடிதானே என்று தோன்றும். அது பத்து அடித் திரையில் தெரு முழுக்கப் பார்க்கும் இரண்டரை நொடி. அன்றிரவே நூறு போன்களுக்கும் போய்விடும். குழந்தைகளைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவது பற்றிச் சங்கம் முன்பே பெற்றோர்களிடம் கேட்டுவைத்திருந்தது. மறுத்த இரண்டு வீட்டுக் குழந்தைகளின் கையில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பன் தெரிந்தால் அந்த ஷாட்டுக்குத் தீர்ப்பு ‘இல்லை’.

கடைசி இரண்டு மணி நேரம்

திரையிடல் ஏழரைக்கு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நேரம் வகுத்திருந்தோம். ஐந்தரைக்கு வரும் கார்டே கடைசி. அதன்பின் எவ்வளவு நல்ல காட்சி நடந்தாலும் அது நீண்ட வீடியோவுக்குத்தான். ஆறரைக்கு எடிட் முடிய வேண்டும். மூன்று நிமிடப் படத்தை எக்ஸ்போர்ட் செய்ய எங்கள் லேப்டாப்புக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். இருந்தும் ஒரு மணி நேரம் முன்னதாக ஏன் முடிக்க வேண்டும்? ஒருமுறை தப்பு நடந்து, மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டி வந்தாலும் நேரம் இருக்க வேண்டும் என்பதற்காக. நாங்கள் முந்தின நாளே வகுத்த அட்டவணையில் அந்த மறுசுற்றுக்கு அரை மணி நேரம் எழுதியே வைத்திருந்தோம். அதை வேறு எதற்கும் தொடவில்லை.

ஆறரைக்குச் செயலாளர் மட்டும் வந்து பார்த்தார். ஒருவர் மட்டும் என்பது முன்பே பேசிய நிபந்தனை. ஐந்து பேர் நின்று பார்த்தால் ஐந்து திருத்தம் வரும். ஒன்றுக்கொன்று முரணாக வரும். அவர் ஒரு திருத்தம் சொன்னார்: நடுவர் ஒருவரின் பெயர் மற்றவர் படத்தின் கீழே இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, ஆள் மாறியிருந்தது. தாளில் கையெழுத்து வாங்கியும் இது தப்பிவிட்டது, ஏனென்றால் தாளில் முகம் இல்லை. மாற்றிவிட்டு, ஆறே முக்காலுக்கு எக்ஸ்போர்ட் கொடுத்தேன்.

வெளிவந்த கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பது கட்டாயம். டைம்லைனில் சரியாக இருந்தது கோப்பிலும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. அப்படிப் பார்த்ததில், கோலப்போட்டியில் ஒரு பாட்டி பேசும் குரல் என் இடது காதில் மட்டும் கேட்டது. சட்டை மைக் ஒரு பக்கத்தில் மட்டுமே பதிந்திருக்கிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் இது தெரியாது. இரண்டு பக்கமும் அருகருகே இருப்பதால் காது ஏமாந்துவிடும். ஒலிபெருக்கிக்காரர் வலது பக்க வயரை மட்டும் எடுத்திருந்தால், திரையில் பாட்டியின் வாய் அசையும். மைதானத்தில் சத்தம் வராது. இடது ஒலியை இரண்டு பக்கத்துக்கும் பரப்பி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். ஒதுக்கிவைத்த அந்த அரை மணி நேரம் இதற்குத்தான் பயன்பட்டது. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டாவது கோப்பையும் முழுக்கப் பார்த்து முடித்தேன்.

திரைக்கான கோப்பை நொடிக்கு 15 மெகாபிட் தரத்தில் வைத்தோம்; அளவு 340 எம்பிக்குள். இரண்டு பென்டிரைவில் போட்டு, கணினி ‘எடுக்கலாம்’ என்று சொன்ன பிறகே உருவினோம். நகலெடுக்கும் பட்டை நிரம்பியதாகக் காட்டினாலும், உள்ளே கடைசிப் பகுதி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கலாம். அவசரமாக உருவினால் படம் நடுவில் நின்றுவிடும். இரண்டும் வேலை செய்யாவிட்டால் லேப்டாப்பிலிருந்தே ஓட்ட ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் மேடைவரை இழுத்திருந்தோம். எல்இடி திரைகள் பலவும் டிவியின் வடிவத்தில் இருப்பதில்லை. பலகைகளை எப்படி அடுக்குகிறார்களோ அதுவே அளவு. ஓரம் வெட்டுப்படலாம் என்பதால் பெயர்களையெல்லாம் டெம்ப்ளேட்டிலேயே உள்தள்ளி வைத்திருந்தோம். ஏழேகாலுக்கு முதல் பத்து நொடியை மட்டும் திரையில் ஓட்டிப் பார்த்தோம். மேல் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டது, பெயர்கள் தப்பின.

போன்களுக்கு அனுப்ப, நொடிக்கு இரண்டரை மெகாபிட்டில் இன்னொரு கோப்பு. 60 எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு எழுத்துகள் மங்கும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். இந்தக் கோப்பைத் திரையிடல் முடிந்த பிறகே சங்கத்துக் குழுவில் போட்டோம். முன்னால் போட்டிருந்தால், எல்லோரும் குனிந்து போனில் பார்த்திருப்பார்கள். திரையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏழரைக்குப் படம் ஓடியது. பானை பொங்கும் இடத்தில் இசை நின்று குலவை கேட்டதும், மைதானத்தில் இருந்த பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள். பெருக்கும் அம்மாக்கள் திரையில் வந்தபோது மூன்றாவது குறுக்குத் தெருப் பக்கமிருந்து கைத்தட்டல் வந்தது.

இந்தப் படம் விழாவின் முழுப் பதிவு ஆகாது. கோலப்போட்டியில் கலந்துகொண்ட எல்லாக் கோலங்களும் இதில் இல்லை. மாலைக் கலைநிகழ்ச்சிகள் அறவே இல்லை. நிறத்தைக்கூட எல்லாக் காட்சிக்கும் பொதுவாக ஒரே அளவில்தான் திருத்தியிருந்தோம். அவையெல்லாம் பொறுமையாகச் செய்யும் நீண்ட வீடியோவுக்கு உரியவை. அதனால்தான் 34 ஜிபியையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

விழா நடத்தும் சங்கத்தாருக்கும் பள்ளிகளுக்கும் கோயில் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்றே படம் வேண்டுமென்றால் நிகழ்ச்சி நிரலையும், சரிபார்த்துக் கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியலையும் இரண்டு நாள் முன்பே எடிட்டர் கையில் கொடுங்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் புகைப்படத்தையும் ஒட்டிக் கொடுங்கள். படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள ஒரே ஒருவரை நியமியுங்கள். மேடையில் பேச்சு நீண்டு திரையிடல் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. எடிட்டரிடமிருந்து அந்தக் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் கேட்காதீர்கள்.